ஒன்று, மூன்று, ஐந்து

ஜாஹிதா பேகம் எதையும் எழுத்தெண்ணித்தான் எழுதுவார். கல்யாணப் பத்திரிகை, மனு, கடை போர்டு எதுவானாலும் முதலில் வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள் மேல் ஓடும். எத்தனை எழுத்து, எத்தனை இடைவெளி, வரி எங்கே மடங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் தாளை மெஷினில் சொருகுவார். செஞ்சி கடைத்தெருவில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஹையர் கிரேடு முடித்தவர். இருபத்தெட்டு வயது. கோபம் வந்தாலும் குரல் உயராது. ஆனால் ஒரு எழுத்து தப்பாக விழுந்தால் முழுத் தாளையும் உருவிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கச் சொல்வார்.

அவரிடம் படித்தவர்களில் ஒருவன் ஜினசேனன். ஊரில் பழைய ஜைனக் குடும்பத்துப் பையன். பாண்டிச்சேரியில் ஒரு சின்ன கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தான். 1989 பொங்கல் முடிந்த வாரம் அவன் ஒரு கட்டுத் தாளோடு மாடிப்படி ஏறி வந்தான்.

ஊரில் ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அதற்கு யாரோ ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். டாக்டரம்மா எழுதும் மருந்தை அதில் அடித்தால், மருந்து உறையில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டு அச்சாகி வரும். சீட்டு இங்கிலீஷில் வந்தது. வாங்கிப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி. ஒருத்தர் காலை மாத்திரையை ராத்திரியில் போட்டு, விடிய விடியத் தூங்காமல் வந்து சண்டை போட்டிருக்கிறார். தமிழில் சீட்டு வரவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தமிழ் எழுத்து வரவைக்கும் வேலையை ஜினசேனன் முடித்துவிட்டான். சொற்கள்தான் பாக்கி.

"இருநூத்திப் பன்னெண்டு வரி இருக்குது டீச்சர். கொஞ்சம் ஸ்கிரீன்ல வரும், கொஞ்சம் சீட்டுல வரும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு நம்பர் போட்டிருக்கேன் பாருங்க. அத்தனை இடந்தான். ஒண்ணு கூடினாலும் வெட்டிடும்."

"வெட்டிடும்னா?"

"அப்படியே துண்டாப் போயிடும். மாத்திரைன்னு எழுதினா மாத்திரோட நின்னுடும்."

ஜாஹிதா சிரித்தார். மேல் தாளைப் பார்த்தார். சில வரிகளுக்கு நடுவில் %s என்றும் %d என்றும் இருந்தது.

"இது இன்னா, நூத்துக்கு இத்தனைன்னு போடுற குறியா?"

"இல்ல டீச்சர். இது காலி நாற்காலி மாதிரி. எஸ் இருக்கிற இடத்துல ஒரு பேர் வந்து உக்காரும். டி இருக்கிற இடத்துல ஒரு எண் வந்து உக்காரும். அத மட்டும் தொடக்கூடாது. தமிழாக்கக் கூடாது, எடுக்கக் கூடாது, கூட்டக் கூடாது. எத்தனை இருக்குதோ அத்தனை இருக்கணும்."

தாளின் தலைப்பிலும் அதையே எழுதியிருந்தான்: குறிகளை நீக்கவோ மாற்றவோ கூடாது. அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

மூன்று வாரம் ஜாஹிதா அந்த வேலையைச் செய்தார். மாலை வகுப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய், கம்பவுண்டர் பச்சமுத்துவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவார். பச்சமுத்துவுக்கு ஐம்பது வயது இருக்கும். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருபது வருஷமாக நின்றவர். ஊரில் பாதிப் பேரின் வியாதி அவருக்கு மனப்பாடம்.

பதிவில் இல்லாத பேரை அடித்தால் ஸ்கிரீனில் வரும் வரிக்கு ஜாஹிதா முதலில் "%s இல்லை" என்று எழுதினார். பச்சமுத்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? 'அம்மாக்கண்ணு இல்லை'ன்னு வரும். அவ எதிர்லயே நின்னு இருமிக்கிட்டிருப்பா. ஒப்பாரி வைக்கவா அவங்க வீட்ல?"

அடித்துவிட்டு "%s பெயர் பதிவில் இல்லை" என்று மாற்றினார். பேருக்கு இருபது எழுத்து வரை ஒதுக்க வேண்டும் என்று ஜினசேனன் சொல்லியிருந்ததால், மறுபடி விரல் விட்டு எண்ணினார். இடம் போதவில்லை. 'பெயர்' போய் 'பேர்' ஆனது. அப்போதும் ஒன்று அதிகம். "%s: பதிவில்லை" என்று வந்து நின்றது. ஒரு வரிக்கு ஒரு சாயங்காலம் போன நாளும் உண்டு.

நாற்பத்தேழாவது வரிதான் மிக முக்கியம். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சீட்டில் அச்சாகிற வரி அது. இங்கிலீஷில் அது, இத்தனை மாத்திரை, இத்தனை தடவை, இத்தனை நாள் என்ற வரிசையில் இருந்தது. மூன்று %d. சீட்டு சின்னது. இதற்கு இரண்டு வரிதான்; மூன்றாவது வரியில் மொத்த எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். ஒரு வரிக்குப் பதினேழு இடம்; காலோ கொம்போ வரும் எழுத்துக்கு இரண்டு இடம், எண்ணுக்கும் இரண்டு இடம்.

ஜாஹிதா அதே வரிசையில் எழுதிப் பார்த்தார்:

%d மாத்திரை வீதம் தினமும்

எண்ணினார். பதினெட்டு. ஒன்று அதிகம். 'வீதம்' எடுத்தால் சரியாக வரும். ஆனால் "1 மாத்திரை தினமும்" என்று முதல் வரி நின்றுபோனால், இரண்டாவது வரியைப் படிக்காதவர் தினம் ஒன்றுதான் போடுவார். அதையும் அடித்தார்.

"அண்ணே, நீங்க ஜன்னல்ல எப்படிச் சொல்வீங்க?"

பச்சமுத்து யோசிக்கவே இல்லை. "அஞ்சு நாளைக்கு, மூணு வேளை, ஒண்ணு ஒண்ணு. நாளை முதல்ல சொன்னாத்தான் உறையை வாங்கும்போதே தெரியும், மறுபடி எப்ப வரணும்னு. அத வச்சுத்தான் நானும் மாத்திரை எண்ணுவேன். இந்த ஊர் ஜனத்துக்கு அப்படிச் சொன்னாத்தான் மண்டையில ஏறும்."

ஜாஹிதா எழுதினார்:

%d நாள் தினமும்
%d வேளை %d மாத்திரை

முதல் வரி பதினொன்று. இரண்டாவது வரி மிகச்சரியாகப் பதினேழு. மூன்று குறியும் இருந்தது. ஒன்றும் நீக்கவில்லை, ஒன்றும் கூட்டவில்லை. அந்த இரண்டு வரியைப் பார்த்து அவர் அன்றைக்கு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

தாள்கள் பாண்டிச்சேரிக்குப் போயின. ஜினசேனன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். வரி நீளத்தையும் குறிகளின் எண்ணிக்கையையும் சரிபார்க்க அவனே ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தான். இருநூற்றுப் பன்னிரண்டும் சரி என்று அது சொன்னது. பிறகு ஒரு சீட்டை அச்சடித்துப் பார்த்தான். மாத்திரை, தடவை, நாள் என்று கேட்ட மூன்று இடத்திலும் 2 என்ற ஒரே பொத்தானைத் தட்டினான். "2 நாள் தினமும், 2 வேளை 2 மாத்திரை" என்று அழகாக வந்தது.

பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் தமிழ்ச் சீட்டு கொடுக்க ஆரம்பித்தார்கள்.

காலை வகுப்பை முடித்துவிட்டு ஜாஹிதா பத்தரை மணிக்கு அங்கே போனார். வராந்தா நிறைய ஜனம். பெஞ்சில் உட்கார்ந்த ஒருத்தர் உறையை விரித்து, பக்கத்தில் இருந்தவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "ஒரு நாள் தினமும். ரெண்டு வேளை. மூணு மாத்திரை." வேளைக்கு மூன்று மாத்திரையா என்று ஜாஹிதாவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. குழந்தை மாத்திரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தன் சொல்லை யாரோ வாய்விட்டுப் படிப்பதைக் கேட்ட மகிழ்ச்சியில் அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஜன்னலுக்கு வந்தபோது அம்மாக்கண்ணு என்ற அம்மாள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு பச்சமுத்துவிடம் மல்லுக்கு நின்றாள்.

"ஏம்பா, சத்து மாத்திரைதான குடுத்த? இத படிக்கச் சொன்னா அந்தாளு வேளைக்குப் பத்துன்னு படிக்கிறான். பத்து முழுங்கினா நான் வயித்துலயே கடை வச்சிடுவேன்."

"தினம் ரெண்டும்மா. காலையில ஒண்ணு, ராத்திரியில ஒண்ணு. பத்து நாளைக்கு. அவனுக்குப் படிக்கத் தெரியல."

ஜாஹிதா அந்த உறையை வாங்கிப் பார்த்தார்.

1 நாள் தினமும்
2 வேளை 10 மாத்திரை
மொத்தம் 20

அச்சு தெளிவாக இருந்தது. எழுத்து ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. படித்தவருக்கு நன்றாகவே படிக்கத் தெரியும்.

ஜாஹிதா உறையை ஜன்னலுக்குள் நீட்டினார். "அண்ணே, நீங்க எத்தனை எண்ணிப் போட்டீங்க?"

"இருபது. சீட்டுலயும் இருபதுதான போட்டிருக்குது? பத்து நாள், ரெண்டு வேளை, ஒண்ணு ஒண்ணு. சரியாத்தான இருக்குது?"

"சீட்டுல இருக்கிறதைப் படிங்க."

பச்சமுத்து கண்ணாடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். "அல்லாவே" என்று ஜாஹிதா முணுமுணுத்தது அவருக்குக் கேட்டிருக்கும்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் ஜினசேனன் இருந்தான். முதல் நாள் என்பதால் கூடவே இருந்து பார்க்க வந்திருந்தான். உறையை அவன் முன் வைத்தார் ஜாஹிதா. அவன் நாற்பத்தேழாவது வரியை ஸ்கிரீனில் எடுத்துப் பார்த்தான்.

"டீச்சர், நீங்க இடம் மாத்திட்டீங்களா?"

"மாத்தினேன். நாள் முதல்ல, மாத்திரை கடைசியில. நீ சொன்ன குறி மூணும் இருக்குதே?"

"மூணும் இருக்குது. ஆனா..." அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "எண்ணு வரிசையா வரும் டீச்சர். மாத்திரை, தடவை, நாள். எந்த நாற்காலி முதல்ல இருக்குதோ அதுல முதல் எண் உக்காந்துடும். நாற்காலிக்குப் பக்கத்துல 'நாள்'னு எழுதியிருக்குதா 'மாத்திரை'ன்னு எழுதியிருக்குதான்னு அதுக்குத் தெரியாது. நாளும் மாத்திரையும் இடம் மாறிடுச்சு."

"அத நீ சொல்லவே இல்லையே."

"சொல்லல. நீங்களும் எடத்த மாத்துறேன்னு கேக்கல. நானும் ரெண்டு ரெண்டு ரெண்டுன்னு அடிச்சுப் பாத்தேன்."

பச்சமுத்து ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு உள்ளே வந்தார். "நானும் எண்ணிக்கை சரியா இருக்குதேன்னு விட்டேன். எப்படி மாத்திப் போட்டாலும் மொத்தம் அதேதான வருது."

அதுதான் பயங்கரம். ஒரு மாத்திரை, மூன்று வேளை, ஐந்து நாள் என்றாலும் பதினைந்து. ஐந்து மாத்திரை, மூன்று வேளை, ஒரு நாள் என்றாலும் பதினைந்து. உறையைக் கொட்டி எண்ணிப் பார்த்தால்கூட யாருக்கும் சந்தேகம் வராது.

காலையிலிருந்து அச்சான சீட்டு பதினான்கு. ஸ்கிரீனில் பட்டியலை ஜினசேனன் எடுத்தான். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஐந்து பேருக்கு மாத்திரையும் நாளும் ஒரே எண். தப்பித்தார்கள். மூன்று பேருக்குத் தண்ணி மருந்து, அதற்கு வேறு வரி. மீதி ஆறு. அதில் அம்மாக்கண்ணுவோடு நாலு பேர் இன்னும் வராந்தாவிலேயே இருந்தார்கள். மூன்று மாத்திரை என்று படித்துக் காட்டியவரும் அதில் ஒருவர். பச்சமுத்து பேர் சொல்லிக் கத்தி, ஒவ்வொருவர் கையிலிருந்தும் உறையைப் பிடுங்கிவிட்டார். ஒருத்தர் கடைத்தெருவில் டீக்கடை வைத்திருப்பவர், அவருக்கு ஆள் போனது.

கடைசிப் பேரில் டாக்டரம்மாவின் விரல் நின்றது. சத்தம் கேட்டு அவரும் வந்திருந்தார்.

"பவுனம்மாள். மூச்சிரைப்பு. ஒரு மாத்திரை, மூணு வேளை, அஞ்சு நாள்." டாக்டரம்மா நிமிர்ந்தார். "வேளைக்கு அஞ்சா போட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அந்த வயசுக்குத் தாங்காது. எந்த ஊரு?"

"வல்லம்" என்றார் பச்சமுத்து. "மேட்டுத் தெரு. பத்தே காலுக்கே வாங்கிட்டுப் போச்சு. திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கணும்னு அவசரப்பட்டுச்சு. ரெண்டு நாளாத் தூங்கலன்னு வந்தது. சாப்டுட்டுப் போடுன்னு நான்தான் சொன்னேன்."

சுவரில் மணி பதினொன்று ஐந்து.

"போன் இருக்குதா அங்க?"

"அந்தத் தெருவுலயா?"

ஜினசேனன் மொபெட் சாவியை எடுத்தான். "நான் போறேன்." இரண்டு அடி போய் நின்றான். "எனக்கு அந்தம்மா முகம் தெரியாதே. காலையில ஸ்கிரீனத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

பச்சமுத்துவால் ஜன்னலை விட்டு நகர முடியாது. வராந்தாவில் நாற்பது பேர். டாக்டரம்மாவும் முடியாது. ஜாஹிதாவுக்கு பவுனம்மாளைத் தெரியும். பேரனுக்கு ஸ்காலர்ஷிப் மனு அடிக்க இரண்டு தடவை மாடி ஏறி வந்து, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கியவள்.

"நான் வரேன்" என்றார் ஜாஹிதா.

"மொபெட்டுலயா டீச்சர்?"

"வேற இன்னா, பல்லக்கா வச்சிருக்க?"

ஜாஹிதா பேகம் ஒரு ஆம்பளைப் பையன் பின்னால் வண்டியில் உட்கார்ந்து கடைத்தெருவைக் கடந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கடையில் தராசு அப்படியே நின்றது. அவர் முக்காட்டை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்து, கையில் ஒரு வெற்று உறையை இறுக்கிப் பிடித்திருந்தார். எதற்கு அந்த உறையை எடுத்துவந்தோம் என்று பிறகு யோசித்தும் அவருக்குத் தெரியவில்லை.

பத்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். இரண்டு பேரைச் சுமந்த மொபெட் ஏற்றத்தில் முனகியது. ஜாஹிதா மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். பத்தரைக்குப் பஸ் என்றால் பதினொன்றுக்கு வல்லம். வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டும். இல்லை, காலைக் கஞ்சி மீதி இருந்தால் அதையே குடிப்பாள். குடித்த உடனே மாத்திரை. ரெண்டு நாள் தூங்காதவள் காத்திருக்க மாட்டாள்.

"டீச்சர், அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சீட்டைப் பாக்க மாட்டாங்க. பச்சமுத்து அண்ணன் வாயில சொன்னதத்தான போடுவாங்க?"

ஜாஹிதாவுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. பிறகு மறுபடி கனத்தது. "யாரையாவது படிக்கச் சொல்லுவா. எல்லாரும் படிக்கலாம்னுதான தமிழ்ல போட்டோம்?"

ஜினசேனன் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினான். முறுக்க அதற்கு மேல் இடமில்லை.

மேட்டுத் தெருவில் பவுனம்மாள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கினாள்.

"பவுனு அக்காவா? பஸ்ஸு வுட்டு இறங்கி நேரா கொல்லைக்குப் போயிருக்கும். மல்லாட்டை புடுங்குறாங்க இன்னைக்கு. அங்கயே கஞ்சி. ஏன், இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?"

"எந்தப் பக்கம்?"

ஏரிக்கரை வரை வண்டி போனது. அப்புறம் வரப்புதான். ஜாஹிதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். ஜினசேனன் பின்னால் வந்தான். நிலக்கடலைச் செடிகளைப் பிடுங்கிக் குவியல் குவியலாகப் போட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் தனியாக, மரத்தில் முதுகைச் சாய்த்து, கழுத்தை மேலே தூக்கி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"பவுனம்மா! போடாதீங்க! போடாதீங்க!"

குரல் உயராத ஜாஹிதா போட்ட சத்தத்தில் மரத்தடியே எழுந்து நின்றது. பவுனம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். உள்ளங்கையில் மூன்று மாத்திரை இருந்தது.

"டைப்பு அடிக்கிற பொண்ணு தான நீ? இங்க எங்க வந்த?"

ஜாஹிதா அவள் எதிரில் முழங்கால் போட்டு விழுந்தார். மூச்சு வாங்கியது. "எத்தனை முழுங்கினீங்க?"

"ரெண்டு. அஞ்சையும் ஒண்ணா எப்பிடி முழுங்குறது, எனக்குத் தொண்டை அடைக்கும். ஒவ்வொண்ணாத்தான் எறக்குறேன்."

"அஞ்சுன்னு யார் சொன்னது?"

"கண்டக்டரு தம்பி. சீட்டக் காட்டிக் கேட்டேன். வேளைக்கு அஞ்சு, ஒரு நாளுதான், நாளைக்கு எல்லாம் சரியாப்பூடும் பாட்டின்னு சொன்னான். பச்சமுத்து என்னமோ ஒண்ணு ஒண்ணுன்னு சொன்னான். அவன் அவசரத்துல சொல்லியிருப்பான், இது மிசினு அச்சடிச்சது, இது தப்பாவா இருக்கும்?"

மூன்று மாத்திரையையும் ஜாஹிதா அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "தப்பா இருக்குது. நான் எழுதினது. ஒரு தடவைக்கு ஒண்ணுதான்."

பவுனம்மாள் "நீ எழுதினதா?" என்றாள். மீதியைச் சுற்றி நின்ற பெண்கள் சொன்னார்கள். ஒருத்தி சொன்னது ஜாஹிதாவுக்கு ரொம்ப நாள் மறக்கவில்லை: "படிச்சவங்க வந்துட்டா அப்புறம் நமக்கு இன்னா, எமன் தனியா வரணுமா?"

பவுனம்மாளின் விரல்கள் நடுங்க ஆரம்பித்திருந்தன. ரோட்டில் நின்று திண்டிவனத்திலிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தி, ஜாஹிதா அவளைக் கூட்டிக்கொண்டு ஏறினார். ஜினசேனன் முன்னால் ஓட்டிப் போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டான். இரண்டுதான் என்பதால் பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஆனாலும் படுக்க வைத்து, நாடி பார்த்துப் பார்த்து, சாயங்காலம் நாலரை மணிக்குத்தான் எழுந்திருக்க விட்டார். அதுவரை ஜாஹிதா கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. பவுனம்மாள் நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, "இன்னும் இங்கயேவா குந்தியிருக்க? போய் சாப்டு" என்றாள்.

நாலரைக்குப் பிறகு டாக்டரம்மா தன் அறையில் மூன்று பேரையும் நிற்க வைத்தார்.

"தமிழே வேண்டாம். நாளையிலேர்ந்து பழையபடி இங்கிலீஷ் சீட்டு. புரியலன்னா வந்து கேப்பாங்க. புரிஞ்சு செத்துப்போறதுக்குப் புரியாம இருக்கிறது மேல்."

 பச்சமுத்து தரையைப் பார்த்தார். ஜினசேனன் மெதுவாகச் சொன்னான்: "வரிசையை இங்கிலீஷ்ல இருக்கிற மாதிரியே வச்சுக்கலாம் மேடம். டீச்சர் அந்த ஒரு வரியை மட்டும் மாத்திக் குடுத்தா..."

"மாட்டேன்" என்றார் ஜாஹிதா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பண்ணினது தப்புதான். இடத்தை மாத்துறப்ப கேட்டிருக்கணும். எழுத்தை எண்ணினேன், அதுல எது வந்து உக்காரும்னு பாக்கல. ஆனா அந்த வரிசையிலயே வச்சா, வரி பாதியில மடங்கி, இன்னொருத்தர் தப்பாப் படிப்பார். அப்புறம் எல்லா வரிக்கும் இதே ஆபத்து இருக்குது. இன்னும் எட்டு வரியில ரெண்டு மூணு குறி இருக்குது. நான் எண்ணி வச்சிருக்கேன்." ஜினசேனன் பக்கம் திரும்பினார். "நாற்காலிக்கு நம்பர் போட முடியுமா?"

"நம்பரா?"

"பஸ்ல சீட்டுக்கு நம்பர் இருக்குதில்ல. மாத்திரைக்கு ஒண்ணு, வேளைக்கு ரெண்டு, நாளுக்கு மூணு. நான் எங்க தூக்கிப் போட்டாலும் ஒண்ணாம் நம்பர்ல மாத்திரைதான் உக்காரணும். அப்படிச் செய்ய முடியுமா, முடியாதா?"

ஜினசேனன் விரலால் மேஜைமேல் மூன்று கோடு போட்டுப் பார்த்தான். "இதுல அப்படி வழி இல்ல டீச்சர். நானேதான் தனியா எழுதணும். எழுதலாம். மூணு நாள் ஆகும்."

"எழுது. எழுதினதும் ரெண்டு ரெண்டு ரெண்டுன்னு அடிக்காத. ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு அடி. ஒவ்வொரு வரியையும் அச்சடி. நான் படிக்கிறேன், பச்சமுத்து அண்ணன் கேக்கட்டும். அவர் சரின்னு சொன்னப்புறம் மேடம் முடிவு பண்ணட்டும்."

டாக்டரம்மா உறையை எடுத்து மறுபடி படித்தார். பிறகு, "நாலு நாள். அதுவரைக்கும் கையால எழுதுங்க பச்சமுத்து" என்றார்.

அந்த நாலு நாளும் ஊரில் ஜாஹிதாவைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். கிழவியைக் கொல்லப் பார்த்தவள் என்று சிலர். மொபெட்டில் போனவள் என்று சிலர். இன்ஸ்டிட்யூட் முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். இரண்டும் உண்மைதான் என்று ஜாஹிதா சொல்லிவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜினசேனன் வந்தான். குறிகள் இப்போது %1, %2, %3 என்று மாறியிருந்தன. ஒரே நம்பர் இரண்டு தடவை வந்தாலோ, ஒன்று விட்டுப்போனாலோ அந்த வரியை அச்சடிக்காமல் நிறுத்திவிடும்படி செய்திருந்தான். ஜாஹிதா நாற்பத்தேழாவது வரியைப் புதிதாகக் கொடுத்தார்:

%3 நாள் தினமும்
%2 வேளை %1 மாத்திரை

பிரிண்டர் கிறீச்சிட்டது. சீட்டை ஜாஹிதா வாய்விட்டுப் படித்தார். "அஞ்சு நாள் தினமும். மூணு வேளை ஒரு மாத்திரை." பச்சமுத்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை" என்றார். பிறகு வேறு எண் போட்டு அடிக்கச் சொன்னார். ஏழு, இரண்டு, நாலு. பத்து, ஒன்று, மூன்று. இருநூற்றுப் பன்னிரண்டு வரியும் முடிய ஒன்பது மணி ஆனது. நடுவில் "டப்பா காலி, ஆளைக் கூப்பிடு" என்று ஒரு வரி வந்தபோது மட்டும், "எந்த ஆளை? என்னையா?" என்று அவர் கேட்டார். அதையும் மாற்றினார்கள்.

சனிக்கிழமை காலை பவுனம்மாள் வந்தாள். ஐந்து நாள் மருந்து தீர்ந்துவிட்டது. இரைப்பு குறைந்திருந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை. டாக்டரம்மா அதே மாத்திரையை இன்னும் ஐந்து நாளைக்கு எழுதினார். ஜன்னலில் பச்சமுத்து உறையில் சீட்டை ஒட்டிக் கொடுத்தார்.

பவுனம்மாள் அதை வாங்கியதும் இடுப்பில் சொருகவில்லை. வராந்தாவில் நின்ற ஜாஹிதாவைப் பார்த்தும் கொடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த, பள்ளிக்கூடப் பையோடு வந்த ஒரு முன்பின் தெரியாத பெண்ணிடம் நீட்டினாள்.

"இத படி கண்ணு."

அந்தப் பெண் படித்தாள். "அஞ்சு நாள் தினமும். மூணு வேளை ஒரு மாத்திரை."

பவுனம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு பச்சமுத்து."

"அஞ்சு நாளைக்கு, மூணு வேளை, ஒண்ணு ஒண்ணு."

அப்புறம்தான் ஜாஹிதாவைப் பார்த்தாள். "நீ?"

ஜாஹிதாவின் கட்டைவிரல் விரல்கணுவில் போய் நின்றது.

"ஒண்ணு" என்றார். "ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணு."

பவுனம்மாள் உறையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, வல்லம் போகும் பஸ்ஸுக்கு நடந்தாள்.